மச்சானுக்கு விசில் குடுக்காதை

தம்பி, கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு நடுவர் பட்டியல் போடுற வேலையை உன்னட்டைத் தந்திட்டாங்களாமே. உன்னிலை ஆருக்கோ பழைய கோபம் இருக்குது போல. பந்தல் போடுற வேலையைக் கேட்டிருந்தாலும் ஒரு ஓரத்தில நிழல் கிடைச்சிருக்கும். இந்த வேலையில பட்டியல் சரியா வந்தா உன்னை ஒருத்தரும் நினைக்கமாட்டினம். பிழைச்சா பேசாலையில இருந்து அரிப்பு வரைக்கும் உன்ர பேர் தெரியும்.

உனக்குச் சுகமான வழியும் ஒண்டு இருக்கு. காலமை வந்து நிக்கிற நடுவர்மாரைப் பாத்து, "அண்ணை, நீங்கள் அங்கால போங்கோ, ஐயா, நீங்கள் இஞ்சால வாங்கோ" எண்டு கையைக் காட்டிவிடு. எங்கட ஆக்கள் அப்பிடித்தான் கன வருசமா நடத்தினவை. பத்து மணிக்கு ஒரு நடுவர் தன்ர மருமகன் அடிச்ச பந்துக்கு விசில் ஊதுவார். பதினொரு மணிக்கு இன்னொருத்தர் நாலாவது ஆட்டத்தில நிண்டபடியே நித்திரை கொள்ளுவார். பன்னிரண்டுக்குக் கதிரை பறக்கும். சனத்துக்கு ரெண்டு ஆட்டத்தை ஒரே காசில பாத்த திருப்தி.

அது வேண்டாமெண்டா இப்பிடி இரு. கொப்பியை எடு.

கதைக்கு வைப்பம்: 12 ஊர் அணி. மூண்டு மூண்டா நாலு குழு. அ குழுவில பேசாலை, எருக்கலம்பிட்டி, முருங்கன். ஆ குழுவில தலைமன்னார், பள்ளிமுனை, நானாட்டான். இ குழுவில தாழ்வுபாடு, வங்காலை, அடம்பன். ஈ குழுவில விடத்தல்தீவு, தாராபுரம், அரிப்பு. குழுவுக்கு மூண்டு ஆட்டம், மொத்தம் 12. பாடசாலை மைதானத்தில மூண்டு களம் கீறலாம். அப்ப நாலு சுற்றில காலமை வேலை முடியும். மூண்டு செற்றில ரெண்டு வெண்டா வெற்றி எண்டு வைச்சா, ஆட்டத்துக்கு 75 நிமிசம் ஒதுக்கு. 7.30க்குத் தொடங்கினா 12.30க்கு நாலாம் சுற்று முடியும். பின்னேரம் நாலு குழு வெற்றியாளருக்கும் அரையிறுதி, அதுக்குப் பிறகு இறுதி.

ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு நடுவர். ஒருத்தர் வலைக்கம்பத்தடியில உயரத்தில நிப்பார். அவரின்ர கண் வலைக்கு மேல 50 சென்ரிமீற்றர் அளவில இருக்கவேணுமெண்டது விதி. மற்றவர் எதிர்ப்பக்கம் நிலத்தில. மூண்டு களத்துக்கும் ஆறு பேர் ஒரே நேரத்தில வேணும். நீ ஆறு பேரைத்தான் கூப்பிட்டிருப்பாய், எனக்குத் தெரியும், சாப்பாட்டுப் பார்சலை எண்ணிப்போட்டுத்தானே ஆளை எண்ணுவாய். ஆறு பேரெண்டா ஆறு பேரும் காலமை நாலு ஆட்டமும் நிக்கவேணும். சோளகக் காலத்து மன்னார் வெயிலில, கண்ணுக்குள்ள மணல் அடிக்கிற காத்தில, அஞ்சு மணித்தியாலம். கழுதை கூட பத்து மணிக்குப் பிறகு நிழல் தேடிப் போயிடும்.

நடுவர் களைச்சிட்டார் எண்டு எப்பிடித் தெரியுமெண்டு கேளன். அவர் சொல்லமாட்டார். அவருக்கே தெரியாது. விசிலைக் கேள். நல்ல நடுவரின்ர விசில் பந்து நிலத்தில படுறதோட வரும். களைச்சவரின்ர விசில், ஆட்டக்காரர் நிண்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்த பிறகு வரும். பிறகு ஒவ்வொரு பந்துக்கும் கோடு பாக்கிற பொடியனின்ர கொடியைத் தேடுவார். பந்து போடேக்க அணி சரியான வரிசையில நிக்குதோ எண்டு பாக்கிறதை முதல் விடுவார், அதுதான் ஆருக்கும் தெரியாத களவு. வலையில கை பட்டது அடுத்ததாப் போகும். கடைசியில புள்ளி எழுதுறவரும் நடுவரும் ரெண்டு கணக்குச் சொல்லுவினம். அந்த இடத்துக்கு வந்தா நீ பட்டியலை மறைச்சுவைச்சுக்கொண்டு தள்ளாடிப் பக்கம் ஓடலாம்.

ஆனபடியா ஒன்பது பேரைக் கூப்பிடு. மூண்டு மூண்டு பேரா மூண்டு அணியாக்கு. பேர் வைக்கிறதுக்கு எங்களுக்குக் காத்துக்குப் பஞ்சமே? வாடை, கொண்டல், சோளகம் எண்டு வை. முதல் சுற்றில வாடையும் கொண்டலும் நிக்கட்டும், சோளகம் இருக்கட்டும். ரெண்டாம் சுற்றில கொண்டலும் சோளகமும். மூண்டாம் சுற்றில சோளகமும் வாடையும். நாலாம் சுற்றில திரும்ப வாடையும் கொண்டலும். எண்ணிப்பார். ஒருத்தரும் தொடர்ந்து மூண்டு ஆட்டம் நிக்கமாட்டினம். வாடைக்கும் கொண்டலுக்கும் மூண்டு மூண்டு ஆட்டம், சோளகத்துக்கு ரெண்டு. சோளகத்தான் குறைய வேலை செய்தவன் எண்டு மற்றவை முணுமுணுப்பினம். முணுமுணுக்கட்டும், அவையளைப் பின்னேரத்துக்கு வைச்சிருக்கிறாய். அதை இப்ப சொல்லாதை.

தொடர்ந்து ரெண்டு ஆட்டம் நிக்கிறவர் மேடையில இருந்து நிலத்துக்கு மாறட்டும், நிலத்தில நிண்டவர் மேலை ஏறட்டும். மேலை நிக்கிறவருக்குக் கழுத்தும் கண்ணும் போகும், கீழை நிக்கிறவருக்குக் கால் போகும். மாத்தினா ரெண்டும் அரைவாசி போகும். இன்னொண்டு, களத்தை வடக்குத் தெற்காக் கீறினா வலை கிழக்கு மேற்கா நிக்கும். காலமை மேடையைக் கிழக்குக் கம்பத்தில வை, மத்தியானத்துக்குப் பிறகு மேற்குக் கம்பத்துக்குத் தூக்கு. சூரியன் நடுவரின்ர முதுகில இருக்கும். இதுக்குக் காசு செலவில்லை, ரெண்டு பொடியன்மார் காணும். அதாலதான் ஒருத்தரும் செய்யிறேல்லை.

ஓய்வு எண்டுறதைக் கடதாசியில எண்ணாதை. ரெண்டு செற்றில முடிஞ்ச ஆட்டம் 50 நிமிசத்தில முடியும். மூண்டு செற்று, அதுவும் 28க்கு 26 எண்டு இழுபட்டா 80ஐத் தாண்டும். உன்ர கொப்பியில ரெண்டாம் களத்து நடுவர் 8.45க்கு அடுத்த ஆட்டத்துக்குப் போறார், மைதானத்தில அவர் 8.55க்குத்தான் இறங்குறார். அவரை இன்னொரு களத்துக்கு அனுப்பியிருந்தா அந்தக் களமும் பத்து நிமிசம் பிந்தும். அதில இருந்து இன்னொண்டு. ஒரு களத்தில வந்த வியாதி மூண்டுக்கும் தொத்தும். ஆனபடியா தொடர்ந்து ரெண்டு ஆட்டம் நிக்கிறவரை அதே களத்திலேயே விடப் பார். பிந்தினா அந்தக் களம் மட்டும் பிந்தும்.

இனித்தான் கறி. உறவு.

எங்கட பக்கத்தில நடுநிலை ஆளைத் தேடுறது, கடலில உப்பில்லாத தண்ணி தேடுற மாதிரி. ஒன்பது பேரையும் இருத்தி, மூண்டு கேள்வி கேள். பிறந்த ஊர் எது, பெண் எடுத்த ஊர் எது, ஆருக்குப் பயிற்சி குடுக்கிறாய். நாலாவது கேள்வியை நீ கேக்காதை, பெரியவர் ஒருத்தரை விட்டுக் கேப்பி: ஆரின்ர வள்ளத்தில பங்கு வைச்சிருக்கிறாய், ஆரட்டைக் கடன் வாங்கியிருக்கிறாய். முதல் மூண்டுக்கும் வாயால மறுமொழி வரும். நாலாவதுக்கு முகத்தைப் பாத்தாக் காணும்.

இப்ப ரெண்டாம் சுற்றைப் பாப்பம். களம் 1இல பேசாலையும் முருங்கனும். களம் 2இல பள்ளிமுனையும் நானாட்டானும். களம் 3இல தாழ்வுபாடும் வங்காலையும். வேலைக்கு நிக்கிறது கொண்டலும் சோளகமும், ஆறு பேர்.

கொண்டலில முதல் ஆள் பேசாலையில பிறந்து வங்காலையில கட்டினவர். களம் 1 ஏலாது, களம் 3 ஏலாது. களம் 2 தான். அடுத்தவர் பள்ளிமுனையான், முருங்கன் பொடியளுக்குப் பயிற்சி குடுக்கிறார். அவருக்குக் களம் 3 மட்டும். மூண்டாமவர் நானாட்டான் வாத்தியார், மனிசி தாழ்வுபாடு. அவருக்குக் களம் 1 மட்டும். சோளகத்தில ஒருத்தர் தலைமன்னாரான், இந்த ஆறு அணியிலும் அவருக்கு ஒரு ஒட்டும் இல்லை. ஒருத்தர் தாழ்வுபாட்டான், களம் 3 மட்டும் ஏலாது. கடைசி ஆள் வங்காலையான், தங்கச்சியைப் பேசாலையில குடுத்தவர், அவருக்குக் களம் 2 மட்டும்.

நீ என்ன செய்வாய் எண்டு சொல்லட்டே? தலைமன்னாரானைப் பாத்து, "ஆகா, இவருக்குப் பிரச்சினையே இல்லை" எண்டு முதல் களத்தில வாத்தியாரோட ஏத்திப்போடுவாய். சுகமான ஆளை முதலில செலவழிக்கிறது எங்கட ஆக்களின்ர குணம். பிறகு களம் 3க்கு வருவாய். அங்க போகக்கூடியவர் பள்ளிமுனையான் ஒருத்தர்தான். ரெண்டாவது ஆள் இல்லை. தாழ்வுபாட்டான் மிச்சமா நிப்பார், அவரின்ர சொந்த ஊர் விளையாடுற களத்துக்குத்தான் ஆள் தேவை. நீ தலையைச் சொறிஞ்சுபோட்டு, "ஒரு ஆட்டம்தானே, நேர்மையான மனுசன்" எண்டு அவரை ஏத்துவாய். அவர் நேர்மையான மனுசன்தான். அதால இன்னும் மோசம். தன்ர ஊருக்கு உதவுறான் எண்டு சொல்லிப்போடுவாங்கள் எண்ட பயத்தில தாழ்வுபாட்டுக்கு வரவேண்டிய ரெண்டு புள்ளியை வங்காலைக்குக் குடுத்துப்போட்டு வீட்டை போவார். வீட்டில கிடைக்கிற வரவேற்பு உனக்குத் தெரியவேண்டாம்.

மற்றப் பக்கமாப் போ. ஆரைப் போட இடமே இல்லையோ, எந்தக் களத்துக்கு ஆள் குறைவோ, அதில தொடங்கு. களம் 3க்குப் போகக்கூடியவை ரெண்டே பேர், பள்ளிமுனையானும் தலைமன்னாரானும். அவை ரெண்டுபேரும் அங்க. களம் 2க்கு, வேறை இடமே இல்லாத பேசாலையானும் வங்காலையானும். மிச்சம் வாத்தியாரும் தாழ்வுபாட்டானும், களம் 1. முடிஞ்சுது. இந்த ஆறு பேரை வைச்சு இந்த ஒரு வழிதான் இருக்கு, வேறை வழியில்லை. களத்தை வரிசையாப் பாத்து ஆள் தேடினா தலையிடி, ஆள் குறைஞ்ச களத்தைப் பாத்துத் தொடங்கினா பத்து நிமிச வேலை. கொண்டல் ஆக்கள் முதல் சுற்றிலும் நிக்கிறவை. ரெண்டாம் சுற்றுக்கு அவையளின்ர களம் இப்ப தெரிஞ்சிட்டுது, முதல் சுற்றிலயும் அதே களத்தில விட ஏலுமோ எண்டு பின்னால போய்ப் பார்.

இதில கண்ணுக்குத் தெரியாத ஒண்டு இருக்கு. தலைமன்னாரான் களம் 2க்குப் போனா என்ன, தலைமன்னார் அங்க விளையாடேல்லையே எண்டு கேப்பாய். பள்ளிமுனை, நானாட்டான், தலைமன்னார் மூண்டும் ஒரே குழு. மற்ற ரெண்டில ஆர் வெல்லுறது, எத்தினை செற்றில வெல்லுறது எண்டதிலதான் தலைமன்னார் பின்னேரம் விளையாடுறதோ, கருவாடு காயவைக்கப் போறதோ எண்டு தீரும். ஆனபடியா தன்ர ஊர் இருக்கிற குழுவுக்குள்ளயே நடுவரை விடாதை. நாங்கள் போட்ட ஆறு பேரையும் திரும்பிப் பார், ஒருத்தரும் தங்கட குழுவில இல்லை.

கோடு பாக்கிறதுக்கும் புள்ளி எழுதுறதுக்கும் ஆளில்லையெண்டு அழாதை. ஒவ்வொரு சுற்றிலயும் மூண்டு குழு விளையாட ஒரு குழு சும்மா இருக்கும். சும்மா இருக்கிற குழுவில மூண்டு அணி, களமும் மூண்டு. களத்துக்கு ஒரு அணி. அவை வேறை குழுக்காரர், இந்த ஆட்டத்தில அவையளுக்குப் பெரிய வயித்தெரிச்சல் இல்லை. எல்லா இடத்திலயும் நடக்கிற மாதிரி, அதே குழுவில சும்மா நிக்கிற அணியைக் கொடி பிடிக்க விட்டியோ, கோட்டில பட்ட பந்து கடலுக்க போகும்.

பெரிய ஆக்களுக்கும் நடுநிலை சும்மா வரேல்லை. கிரிக்கெட்டில வீட்டுக்கார அம்பயரை வைச்சுத்தான் நூறு வருசத்துக்கு மேல ஓட்டினவை. 1986இல லாகூரில பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவும் விளையாடேக்க, இம்ரான் கான் கேட்டு இந்தியாவில இருந்து வி. கே. ராமசுவாமியையும் பிலூ ரிப்போர்ட்டரையும் கூப்பிட்டு நிப்பாட்டினவை. 1994இல டெஸ்டுக்கு ஒரு நடுநிலை அம்பயர் எண்டு விதி வந்தது, 2002இல ரெண்டு. 2020இல கொரோனா வந்து பிளேன் நிண்ட உடனே திரும்ப வீட்டுக்காரர்தான் நிண்டவை. உறவு இல்லாட்டி எல்லாம் சரி எண்டும் நினைக்காதை. 2019 உலகக் கிண்ண இறுதியில எங்கட குமார் தர்மசேனவுக்கு இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மாமன் மச்சான் இல்லை. அப்பிடியிருந்தும் அஞ்சு குடுக்கவேண்டிய இடத்தில ஆறு ஓட்டம் குடுத்தவர், பிறகு அவரே ஒத்துக்கொண்டவர். அதைத் திருத்தப் பட்டியல் போடுறவனால ஏலாது. மச்சானுக்குத்தான் குடுத்தவன் எண்ட கதை வராமல் பாக்க மட்டும் ஏலும்.

பின்னேரத்துக்கு வருவம். காலமை ஆறுமணிக்கே அரையிறுதி நடுவரை எழுதி ஒட்டிப்போட்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டுவிடாதை. ஆர் வருவினமெண்டு தெரியாமல் ஆரை எழுதுறது? 12.30க்குத்தான் தெரியும். பேசாலை, பள்ளிமுனை, வங்காலை, தாராபுரம் வந்திட்டுது எண்டு வை. முதல் அரையிறுதி பேசாலைக்கும் தாராபுரத்துக்கும், ரெண்டாவது பள்ளிமுனைக்கும் வங்காலைக்கும்.

தோத்த ஊர் நடுவர்மார் எல்லாரும் இப்ப நடுநிலை ஆயிட்டினம் எண்டு நீ சந்தோசப்படுவாய். அவசரப்படாதை. காலமை வங்காலையிட்ட தோத்துப்போய்த் தாழ்வுபாட்டுச் சனம் இன்னும் வேலியடியில நிக்குது. அந்த ஊரானை வங்காலை ஆட்டத்தில ஏத்தினா அவன் கையில விசில் இல்லை, கத்தி. உறவு மட்டும் இல்லை, காய்ச்சலும் ஒட்டுத்தான். ஆர் ஆரை வீட்டை அனுப்பினது எண்டு கொப்பியில எழுது. வங்காலை தாழ்வுபாட்டை அனுப்பினது, ஆனா பேசாலை தாராபுரம் ஆட்டத்தில தாழ்வுபாட்டானுக்கு ஒரு கோபமும் இல்லை. தலைமன்னாரானும் அப்பிடித்தான், அவரை அனுப்பினது பள்ளிமுனை. ரெண்டு பேரும் சோளகக்காரர், ரெண்டே ஆட்டம் நிண்டவை, நாலாம் சுற்றில நிழலில இருந்தவை. முதல் அரையிறுதிக்கு இவை. காலமை முணுமுணுத்தவைக்கு இப்ப விளங்கும். ரெண்டாவதுக்கு வாடையில இருக்கிற விடத்தல்தீவானும் அரிப்பானும். அவையளை அனுப்பினது தாராபுரம், அது மற்ற ஆட்டத்தில நிக்குது. 12.30க்கு இறங்கினவை, 2.30க்குத்தான் ஏறவேணும். ரெண்டு மணித்தியாலம் காணும், மத்தியானம் மீன் சோறு ரெண்டாம் தரம் போடாமல் இருந்தா.

இறுதியில பேசாலையும் வங்காலையும் எண்டு வை. அரையிறுதியில நிக்காத அஞ்சு பேரில ஆரைப் போடுவாய்? பேசாலையில பிறந்து வங்காலையில கட்டினவர் அண்டைக்குப் பின்னேரம் வயித்துக்குத்து எண்டு ஒளிக்கிறதுதான் அவருக்கும் குடும்பத்துக்கும் நல்லது. வங்காலையானும் அதே கதை. பள்ளிமுனையானின்ர ஊரை வங்காலை இப்பத்தான் அனுப்பினது, பயிற்சி குடுக்கிற முருங்கனை பேசாலை அனுப்பினது, ரெண்டு பக்கமும் காய்ச்சல். வாத்தியாரின்ர மனிசி தாழ்வுபாடு. வாடையில மிச்சமா நிக்கிற ஆள் எருக்கலம்பிட்டி, அவையளையும் அனுப்பினது பேசாலை. அஞ்சும் போச்சு. அரையிறுதியில நிண்ட நாலு பேரில தலைமன்னாரானையும் அரிப்பானையும் இழுக்கலாம், ஒட்டில்லை, ஆனா முக்கால் மணித்தியால ஓய்வில வருசத்தின்ர பெரிய ஆட்டத்தில நிப்பினம். ஓய்வைக் காப்பாத்தினா உறவில மாட்டுறாய், உறவைக் காப்பாத்தினா ஓய்வில மாட்டுறாய்.

இது அண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு உனக்கு விளங்கி ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு கிழமைக்கு முன்னமே வவுனியாவில ரெண்டு நடுவரோட கதைச்சு வை, இறுதிக்கு மட்டும். அவையளுக்குப் பஸ் காசும் சாப்பாடும் பார். உன்ர குழுவில ஒருத்தர் எழும்பி, "எங்கட ஊரில நடுவர் இல்லையோ, வெளியாருக்கு ஏன் காசு" எண்டு கேப்பார். கேக்கிறவர் எந்த ஊரில பெண் எடுத்தவர் எண்டு கொப்பியைப் பார்.

பட்டியலை முதல் நாள் இரவு ஒட்டாதை. ஒட்டினா விடியிறதுக்கு முன்னம் நடுவர் வீட்டுக்கு விளைமீனும் நண்டும் போய்ச் சேரும், அனுப்பினவர் பேர் தெரியாது, எண்டாலும் எல்லாருக்கும் தெரியும். நேரமும் அணியும் ஒட்டு, நடுவரின்ர பேரை ஆட்டத்துக்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னம் ஒட்டு. அணி வாற வானில நடுவரை ஏத்தவேண்டாம் எண்டு எல்லா ஊருக்கும் சொல்லு. அதுவும் வவுனியாக்காரர் மன்னார் பஸ் நிலையத்தில இறங்கேக்க, "ஐயா, நாங்களும் அங்கதான் போறம், ஏறுங்கோ" எண்டு வங்காலை வான் ஒண்டு வாசலில நிக்கும், பின்னால பேசாலை வானும் நிக்கும். நீ முன்னமே ஒரு ஆட்டோவைப் பிடிச்சு அனுப்பு. ஆட்டோக்காரன் எந்த ஊரான் எண்டு கேட்டிட்டு அனுப்பு.